ஆளுக்கொரு நேரத்தில் வரவழைப்பது எப்படி?

ஆன்லைன் மீட்டிங்குக்கு எல்லோரையும் சரியான நேரத்துக்கு வரவழைக்க வழி சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கு ஊர்க்காரர்களை அழைத்து, நால்வரும் நான்கு வெவ்வேறு நேரத்தில் வந்து, காலித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகும்படி செய்வதற்குத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையை நீக்கும் கையேடு இது. கடைசி வரை பணிவு குறையாமல் இதைச் செய்ய முடியும் என்பதுதான் இதன் சிறப்பு.

கைக்கு அடக்கமான ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நீங்கள் சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். புதிய பில்லிங் மென்பொருளுக்கு எந்த நாளில் மாறுவது என்று முடிவு செய்ய வேண்டும். நியூ ஜெர்சி, லண்டன், மெல்போர்ன் சகாக்கள் கலந்துகொள்ள வேண்டும். நாள் 2026 மார்ச் 18, புதன்கிழமை. நேரம், நீங்கள் நினைத்திருப்பது, நம்மூர் மாலை ஆறரை மணி.

முதலில் பொருள் வரி. ‘மீட்டிங்’ என்று ஒரு சொல் போதும். அதுவும் புதிய அஞ்சலாக எழுதாதீர்கள். போன வருடம் யாரோ அனுப்பிய தீபாவளி வாழ்த்துக்கு ‘ரிப்ளை ஆல்’ போட்டு அதன் வாலில் எழுதுங்கள். பொருள் வரியில் நாளும் நேரமும் இருந்தால், போனில் அறிவிப்பைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிடும். அஞ்சலைத் திறக்காமலே விஷயம் தெரிந்துவிட்டால் உங்கள் உரைநடையை யார் படிப்பது?

அடுத்தது பணிவு. முதல் பத்தியில் நலம் விசாரியுங்கள். இரண்டாம் பத்தியில், அவர்களுடைய பொன்னான நேரத்தைக் கேட்பதற்கு வருந்துங்கள். மூன்றாம் பத்தியில் இந்த மாற்றத்தின் பின்னணியைச் சொல்லுங்கள். நான்காம் பத்தியின் நடுவில், ஓர் அடைப்புக்குறிக்குள், நேரத்தை ஒளித்து வையுங்கள். நம் கல்யாணப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். தமிழ் வருடம், மாதம், தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், லக்னம், எத்தனை மணிக்கு மேல் எத்தனை மணிக்குள் என்று ஒன்று விடாமல் போட்டு, மண்டபம் எந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் என்பது வரை சொல்லியிருக்கும். அதே குடும்பத்துப் பிள்ளை அலுவலகத்தில் உட்கார்ந்து ‘நாளை மாலை சந்திப்போமா?’ என்று நாலு கண்டத்துக்கு எழுதுவதில்தான் எனக்குத் தனி மகிழ்ச்சி. ‘நாளை’ என்பது நல்ல தேர்வு. நீங்கள் செவ்வாய் இரவு அனுப்பும்போது மெல்போர்னில் புதன்கிழமை பிறந்திருக்கும். அவர்களுடைய நாளை வியாழன்.

இனி நேரத்துக்கு வருவோம். ‘மாலை 6.30 ஐ.எஸ்.டி.’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். நமக்கு அது இந்திய நேரம். இஸ்ரேலில் இருப்பவருக்கு அதே மூன்றெழுத்து அவருடைய ஊர் நேரம். நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அயர்லாந்திலோ கோடைக்கால நேரத்துக்கே அதுதான் பெயர். நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். டப்ளினிலும் டெல் அவிவிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மூன்றெழுத்துச் சுருக்கங்கள் யாரும் ஒருங்கே உட்கார்ந்து பங்கிட்டுக் கொடுத்தவை அல்ல. சி.எஸ்.டி. என்றால் சிகாகோவும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கும், ஷாங்காயும் அப்படியே நினைக்கும்.

அமெரிக்காவுக்கு எழுதும்போது கட்டாயம் ‘ஈ.எஸ்.டி.’ என்று போடுங்கள். எல்லோரும் போடுகிறார்கள். அது கிழக்கு அமெரிக்காவின் குளிர்கால நேரத்துக்கு மட்டும் உரிய பெயர். கோடையில் அதே ஊரின் நேரம் ஈ.டி.டி. ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். எழுத்தை எழுத்தாகவே படிக்கிற ஒருவர் அங்கே இருந்துவிட்டால் போதும், அறுபது நிமிடப் பிழை கைவசம். மற்றவர்கள் ‘பாவம், ஈ.டி.டி.யைத்தான் சொல்ல வந்திருக்கிறார்’ என்று ஊகித்துக்கொள்வார்கள். ஒரே வரியைப் படித்து இரண்டு பேர் இரண்டு நேரத்துக்கு வருவார்கள்.

இதைவிடச் சிறந்த வழி மனக்கணக்கு. ‘நியூ ஜெர்சி நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால்’ என்று நவம்பரில் ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டு, அதை வருடம் முழுவதும் நம்புங்கள். ஆறரையிலிருந்து பத்தரையைக் கழித்தால் காலை எட்டு. அப்படியே எழுதி அனுப்புங்கள். மார்ச் 18 அன்று அங்கே எட்டு மணி ஆகும்போது இங்கே மாலை ஐந்தரை. அந்த மனிதர் காபிக் கோப்பையோடு வந்து, ஒரு மணி நேரம் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். ஏனென்றால் அதற்குள் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றியிருக்கும். அன்றைய இடைவெளி ஒன்பதரை மணி நேரம்தான்.

இந்தக் கையேட்டின் உச்சம் இங்கேதான் வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம். மீட்டிங்கைக் கெடுக்க விரும்புகிறவர்களுக்கு வருடத்தில் மிக ராசியான காலம் மார்ச் மாத இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. முன்பெல்லாம் ஏப்ரல் முதல் ஞாயிறன்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2005-இல் போட்ட எரிசக்திச் சட்டம் 2007 முதல் அதை மார்ச்சுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனும் ஐரோப்பாவும் அசையவில்லை, அவர்களுக்கு மார்ச் மாதக் கடைசி ஞாயிறுதான். இப்படி இரண்டு கரைக்கும் நடுவில் இரண்டு அல்லது மூன்று வாரம் யாருக்கும் பழக்கமில்லாத இடைவெளி ஒன்று உருவாகிறது. 2026-இல் அது மார்ச் 8 முதல் மார்ச் 29 வரை, முழுதாக மூன்று வாரம். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் எப்போதும் ஐந்து மணி நேரம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த மூன்று வாரமும் நாலு மணி நேரம்தான். நம் மீட்டிங் நாள் சரியாக அதன் நடுவில் விழுகிறது. தற்செயல் இல்லை, நான் தேடிப் பிடித்த நாள்.

மெல்போர்ன் தென்பாதியில் இருப்பதால் எல்லாம் தலைகீழ். அங்கே கோடை முடிந்து, ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரம் பின்னே போகும். 2026-இல் அது ஏப்ரல் 5. சிட்னியும் அப்படித்தான். ஆனால் பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ‘ஆஸ்திரேலிய நேரம் இரவு 11’ என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

இதையெல்லாம் ஒரே கல்லில் அடிக்க வேண்டுமானால் வாராந்தர மீட்டிங்காக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு புதனும் சென்னை நேரம் ஆறரை. நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை, ஆகவே நமக்கு எந்த வாரமும் ஒன்றுதான். நியூ ஜெர்சிக்காரருக்கு மார்ச் 4 அன்று காலை எட்டு, 11-ஆம் தேதி முதல் ஒன்பது. லண்டனுக்கு மார்ச் 25 வரை பகல் ஒன்று, ஏப்ரல் 1 முதல் இரண்டு. மெல்போர்னுக்கு ஏப்ரல் 1 வரை நள்ளிரவு பன்னிரண்டு, 8-ஆம் தேதி முதல் இரவு பதினொன்று. நீங்கள் ஒன்றுமே செய்யாமல், ஆறு வாரத்துக்குள் மூன்று ஊரின் நேரமும் தனித்தனி வாரத்தில் மாறிவிட்டது. மூன்று பேரும் ‘நேரத்தை ஏன் மாற்றினீர்கள்?’ என்று கேட்பார்கள். ‘நான் மாற்றவில்லையே’ என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையும்கூட.

அதே அழைப்பை நியூ ஜெர்சிக்காரர் தன் காலண்டரிலிருந்து ‘காலை 9’ என்று அனுப்பியிருந்தால் கதை திரும்பும். அவருக்கு என்றைக்கும் ஒன்பது. நமக்குத்தான் குளிர்காலத்தில் ஏழரை, கோடையில் ஆறரை. தொடர் மீட்டிங் எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ அந்த ஊருக்கு மட்டும்தான் நிம்மதி. ஆகவே எந்த ஊர்க் கடிகாரம் என்பதை அஞ்சலில் மூச்சு விடக் கூடாது.

மெல்போர்ன் விஷயத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மார்ச் 18 சென்னையில் மாலை ஆறரை என்றால் அங்கே துல்லியமாக நள்ளிரவு. ‘புதன் இரவு 12 மணி’ என்று எழுதுங்கள். செவ்வாய் முடிந்து புதன் தொடங்கும் பன்னிரண்டா, புதன் முடிந்து வியாழன் தொடங்கும் பன்னிரண்டா? இரவு 12.15 ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஒரு நாள் தாமதமாக ஸ்டேஷனுக்குப் போனவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். ரயில்வே 24 மணிக் கணக்கில் 00.15 என்று போட்டுமே இந்தக் கதி. நீங்கள் பன்னிரண்டு என்று மட்டும் எழுதினால் வேறென்ன வேண்டும்? இதே கூட்டத்தை ஐந்தரைக்கு நகர்த்தினால் லண்டனில் சரியாக நண்பகல் பன்னிரண்டு விழும். ‘12 ஏ.எம்.’ பகலா இரவா, ‘12 பி.எம்.’ இரவா பகலா என்று அங்கேயும் ஒரு விவாதத்தைக் கிளப்பலாம். கெட்டதைச் செய்ய விரும்புகிறவர் ஐந்தரையையோ ஆறரையையோ பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஆறு மணி என்று ஒன்று இருக்கிறது, அதன் பக்கமே போகாதீர்கள். எந்த ஊரிலும் பன்னிரண்டில் முட்டாது.

(லண்டன் சகா தமிழர் என்றால் ஒரு பக்கக் குறிப்பு. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. நமக்கு நல்ல நேரமாக இருக்கும் மாலை ஆறும் ஆறரையும் அவருக்கு ராகு காலத்துக்குள் விழும். எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது என்ற பஞ்சாயத்து வேறு தொடங்கினால், மீட்டிங் தள்ளிப்போவது உறுதி.)

தேதியை எண்ணில் மட்டும் எழுதுவது பழைய உத்தி, ஆனாலும் பழுதில்லை. மார்ச் 18-ஐ எப்படிப் போட்டாலும் பிடிபட்டுவிடும், பதினெட்டாவது மாதம் கிடையாது. அடுத்த கூட்டத்தை 8/4 என்று போடுங்கள். அமெரிக்கருக்கு ஆகஸ்ட் 4, மற்றவர்களுக்கு ஏப்ரல் 8. கிழமையை எழுதிவிட்டால் இந்தக் குட்டு உடைந்துவிடும், எழுதாதீர்கள்.

காலண்டர் அழைப்பு என்று ஒரு சனியன் இருக்கிறது. உங்கள் உழைப்பையெல்லாம் அதுதான் வீணாக்கும். அழைப்போடு போகும் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
DTSTART;TZID=Asia/Kolkata:20260318T183000
```

ஊர்ப் பெயர் இருப்பதால், படிக்கும் கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருந்தாலும் தன் ஊர் நேரத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். மூன்றெழுத்துச் சுருக்கம் எதுவும் அதற்குத் தேவையில்லை. எந்த நாடு எந்த ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றும் என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது, மனக்கணக்கு அதற்குக் கிடையாது. இதை முறியடிக்க வழி இரண்டு. அந்த ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வெறும் தேதியும் நேரமும் உள்ள கோப்பை அனுப்பினால், காலண்டர் அதை மிதக்கும் நேரமாக எடுத்துக்கொள்ளும். அதாவது அவரவர் ஊரில் மாலை ஆறரை. ஒரு மீட்டிங் நான்கு மீட்டிங்காகும். கோப்பைக் கையால் எழுதுகிற அளவுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. அழைப்பின் உள்ளே எல்லா ஊர் நேரத்தையும் தட்டச்சு செய்து வையுங்கள். பிறகு மீட்டிங்கை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். காலண்டரில் கட்டம் நகரும். உள்ளே நீங்கள் தட்டச்சு செய்த வரிகள் நகராது. மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம். பாதிப் பேர் மேலே நம்புவார்கள், பாதிப் பேர் கீழே நம்புவார்கள். இந்த இரண்டாவது முறைக்குப் பயிற்சி எதுவும் வேண்டாம், உலகெங்கும் தினமும் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் கேட்காத ஆட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் எழுதினால் அஞ்சல் எப்படி இருக்கும் என்பதை எச்சரிக்கைக்காகக் கீழே தருகிறேன். ஆங்கிலத்தில் போகிற அஞ்சல்தான், விஷயம் மாறாமல் தமிழில்:

பொருள்: பில்லிங் மாற்றம், ஆன்லைன் கூட்டம், மார்ச் 18 புதன், சென்னை மாலை 6.00 (யு.டி.சி. 12.30)

அனைவருக்கும் வணக்கம்.

புதிய பில்லிங் மென்பொருளுக்கு எந்த நாளில் மாறுவது என்று முடிவு செய்ய 45 நிமிடக் கூட்டம் ஒன்று வைக்கிறோம். நீங்கள் கலந்துகொள்ள வேண்டுகிறேன்.

நியூ ஜெர்சி: புதன், மார்ச் 18, காலை 8.30
லண்டன்: புதன், மார்ச் 18, பகல் 12.30
சென்னை: புதன், மார்ச் 18, மாலை 6.00
மெல்போர்ன்: புதன், மார்ச் 18, இரவு 11.30 (முடியும்போது வியாழன் 12.15)

அமெரிக்காவில் கடிகாரம் மாறிவிட்டது, லண்டனில் இன்னும் மாறவில்லை. மேலே உள்ள நேரங்கள் அதைக் கணக்கில் எடுத்தவை. காலண்டர் அழைப்பும் அனுப்பியிருக்கிறேன். லிங்க் அதில் இருக்கிறது. நேரம் மாறினால் இந்தப் பட்டியலையும் திருத்தி மறுபடி அனுப்புவேன்.

மெல்போர்ன் நண்பர்களுக்கு இது மிகவும் தாமதமான நேரம் என்று தெரியும். உங்கள் பகுதியை முதல் 15 நிமிடத்தில் முடித்துவிடுகிறோம், அதன்பின் நீங்கள் போகலாம். மீதியைப் பதிவு செய்து அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தை உங்கள் பகல் நேரத்தில் வைக்கிறோம், அன்று நாங்கள் சீக்கிரம் எழுந்துகொள்கிறோம்.

இந்த நேரம் ஒத்துவராதவர்கள் மார்ச் 13 வெள்ளி, சென்னை நேரம் மாலை 5 மணிக்குள் சொன்னால் மாற்று ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

நன்றி.

பார்த்தீர்களா, எவ்வளவு அபாயகரமான அஞ்சல்! வருந்துகிறேன் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ இல்லை. ஆனால் பாதி ராத்திரியில் உட்காரப் போகிறவர் யார் என்று கவனித்து, அவரை 11.45-க்கே அனுப்பிவிடும் தந்திரம் இருக்கிறது. இந்த நான்கு ஊருக்கும் எல்லோருக்கும் நல்லதான நேரம் ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் தூக்கத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆள் கொடுக்கும்படி செய்வதுதான் முறை. இந்த அஞ்சல் அதையும் மாற்றிவிடப் பார்க்கிறது. பதில் சொல்லக் கெடு வைத்தவர் அந்தக் கெடுவுக்கும் ஊரைச் சொல்லித் தொலைத்திருக்கிறார். ‘வெள்ளி மாலைக்குள்’ என்று விட்டிருந்தால் நியூ ஜெர்சியிலிருந்து சனிக்கிழமை அதிகாலையில் நம் போன் அடித்திருக்கும்.

வரிசையையும் கவனியுங்கள். மேற்கிலிருந்து கிழக்காக, காலையிலிருந்து இரவாக இறங்குகிறது. ஒவ்வொரு வரியிலும் கிழமை, தேதி, பொழுது. படிப்பவர் தன் ஊர் வரியை மட்டும் பார்த்தால் போதும், கூட்டல் கழித்தல் அவருக்கு இல்லை. பட்டியலில் இல்லாத ஊருக்குக் கிளம்பிப் போனவர்கூட தப்ப முடியாதபடி யு.டி.சி. நேரம் பொருள் வரியில் இருக்கிறது. அதற்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை.

இப்படி எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘எந்த ஆறு மணி?’ என்று கேட்டு ஒரு பதில்கூட வராது. புதன் மாலை ஆறு மணிக்கு நான்கு முகங்களும் திரையில் வந்து உட்கார்ந்துவிடும். ‘எல்லோரும் சேரட்டும், ஐந்து நிமிடம் பொறுப்போம்’ என்று சொல்லிக்கொண்டே பவர்பாயின்ட்டின் கடைசி மூன்று பக்கங்களைத் தட்டச்சு செய்யலாம் என்று நீங்கள் வைத்திருந்த திட்டம் அத்தோடு தீர்ந்தது. மெல்போர்ன்காரருக்கு வேறு பதினைந்தே நிமிடம்தான் இருக்கிறது, அவருடைய பகுதிதான் நீங்கள் இன்னும் தயார் செய்யாதது.